ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம், இப்போது ரத்தக்கசிவு. ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு டிகாக்ரெலாரை மட்டும் தொடரச் சொல்கிறார்கள், ஏன்?

கரிசல்மண் | திங்கள், இரவு 9:40

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரையும் பிபியும் பதினைந்து வருஷமாக இருக்கிறது. ஐந்து மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து அட்மிட் பண்ணினோம். இசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் டிராப்போனின் ஏறியிருந்தது. ஆன்ஜியோ பார்த்து, இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் (எல்.ஏ.டி என்று எழுதியிருக்கிறது) ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறியபடி இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து டிகாக்ரெலார் 90 காலை ஒன்று இரவு ஒன்று, ஆஸ்பிரின் 75 மதியம் ஒன்று.

போன வாரம் நாலு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதாம். எங்களிடம் சொல்லவே இல்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஹீமோகுளோபின் 8.9. ஸ்டென்ட் வைத்தபோது 12.1 இருந்தது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண், ஆனால் அந்த நேரத்தில் ரத்தம் கசியவில்லை, அடிப்பாகம் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். பைலோரி கிருமியும் இருக்கிறதாம்.

இதய டாக்டர் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிவிட்டார். டிகாக்ரெலாரை ஒரு வேளைகூட விடக்கூடாது என்கிறார். எனக்குப் புரியாதது இதுதான்: ரெண்டில் வீரியமானது டிகாக்ரெலார் என்கிறார்கள். ரத்தம் போகிறது என்றால் வீரியமானதை நிறுத்திவிட்டு லேசானதை வைத்துக்கொள்வதுதானே முறை? இது தலைகீழாக இருக்கிறதே. அங்கே கூட்டத்தில் கேட்க முடியவில்லை.

---

ரிட்டையர்டு_ரயில்வே | திங்கள், இரவு 10:15

அம்மா, எனக்கு 2008-இல் ஸ்டென்ட் வைத்தது. அனுபவத்தில் சொல்கிறேன். முதல் ஒரு வருஷம் ரெண்டு மாத்திரையையும் ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடும், ஆஸ்பத்திரி போய்ச் சேரக்கூட நேரம் இருக்காது. 365 நாள் முடிந்த மறுநாள் ஒன்றை நிறுத்திவிடலாம். இது எல்லோருக்கும் பொது.

கோட்டிங் போட்ட ஆஸ்பிரின் என்று கேட்டு வாங்குங்கள், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. நான் பதினைந்து வருஷத்துக்கு மேல் அதைத்தான் சாப்பிடுகிறேன். வேறு ஒரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

---

பனைமரக்காற்று | திங்கள், இரவு 11:52

வணக்கம் தங்கச்சி. எங்கட அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான் வந்தது. வால்வு மாத்தினவை, அதுக்கு வார்ஃபரின் குளிசை. மூக்கால ரத்தம் வந்து நிக்கேல்லை. வைத்தியர் ஐ.என்.ஆர் பாத்து, கூடிப்போச்சு எண்டு டோஸைக் குறைச்சவர். இப்ப மாசம் ஒருக்கா பாக்கிறம், பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு ஐ.என்.ஆர் எவ்வளவு எண்டு கேட்டனீங்களா? கீரை கூடச் சாப்பிடுறவரோ?

---

எட்டாம்_வார்டு | செவ்வாய், காலை 6:20

இரவுப் பணி முடிந்து வந்தேன். அரசு மருத்துவமனையில் இதயப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் ஃபைலை நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பனைமரக்காற்று அண்ணைக்கு: வார்ஃபரின் வேறு வழி. அது ரத்தத்தில் உள்ள உறைபொருள்களைத் தயாரிக்கவிடாமல் கல்லீரலில் வேலை செய்கிறது, அதனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர் சோதனையில் தெரியும். இந்த இரண்டு மாத்திரைகளும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத்தான் தடுக்கின்றன. இவற்றின் அளவை ஐ.என்.ஆர் காட்டாது, கீரைக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது கரிசல்மண் கேட்டது. ஸ்டென்ட் என்பது ரத்த ஓட்டத்துக்கு நடுவே வைத்த கம்பிவலை. வைத்த அன்று அது வெறும் உலோகம், தட்டணுக்கள் வந்து ஒட்டும். நாளாக ஆகக் குழாயின் உள்தோல் அதன் மேல் வளர்ந்து மூடும். அதனால் ஸ்டென்ட் அடைபடும் ஆபத்து முதல் மாதத்தில்தான் மிக அதிகம், பிறகு கிடுகிடுவென்று இறங்கும். முழுதாகப் பூஜ்யம் ஆகாது. ரத்தக்கசிவின் ஆபத்து அப்படி இறங்காது. இரண்டு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொரு மாதமும் அது கூடவே வரும். ஒரு கோடு இறங்குகிறது, மற்றது ஏறத்தாழ மட்டமாகப் போகிறது. இரண்டும் எங்கோ ஓர் இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த இடத்துக்குப் பிறகு இரண்டாவது மாத்திரை காப்பாற்றுவதைவிடக் கெடுப்பது அதிகம்.

அந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. ரயில்வே ஐயா சொன்ன ஒரு வருஷம் தப்பில்லை. மாரடைப்போடு வந்தவருக்கு, ரத்தக்கசிவு வாய்ப்பு குறைவு என்றால், இன்றும் அதுதான் வழக்கம். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2001-இல் வந்த கியூர் ஆய்வில் மாரடைப்புக்காரர்களுக்கு ஆஸ்பிரினோடு, டிகாக்ரெலார் வகை மாத்திரையான க்ளோபிடோக்ரெலையும் கொடுத்தார்கள். அதிகபட்சம் ஒரு வருஷம், சராசரியாக ஒன்பது மாதம். அவர்களில் எல்லோரும் ஸ்டென்ட் வைத்தவர்கள்கூட இல்லை. பலன் தெரிந்தது, ஆய்வு ஓடிய காலம் விதியாக நின்றுவிட்டது. ஸ்டென்ட்டின் மேல் தோல் மூடியதை அளந்து 365 நாள் என்று யாரும் குறிக்கவில்லை.

பிறகு 2006 வாக்கில், முதல் தலைமுறை மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் ஒரு வருஷம் கழித்தும் அடைகின்றன என்று பார்சிலோனா மாநாட்டில் பெரிய களேபரம் நடந்தது. அந்தப் பூச்சு உள்தோல் வளர்வதையும் சேர்த்தே தடுத்துவிட்டது. 2008-இல் உங்களுக்கு வைத்தவர் அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னதற்கு அந்தப் பயமும் காரணமாக இருந்திருக்கும் ஐயா. இப்போதைய ஸ்டென்ட்டின் கம்பி மெல்லியது, பூச்சும் மாறிவிட்டது.

---

கரிசல்மண் | செவ்வாய், காலை 8:05

நன்றி சார். கோடு இறங்குவது புரிந்தது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. ஏன் ஆஸ்பிரினை?

---

எட்டாம்_வார்டு | செவ்வாய், மதியம் 2:30

தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

ஆஸ்பிரின் லேசானது என்பது தட்டணுவைப் பொறுத்தவரை சரி, இரைப்பையைப் பொறுத்தவரை தப்பு. இரைப்பையின் உட்சுவர் தன்னைத் தன் அமிலத்திலிருந்தே காத்துக்கொள்ள ஒரு கோழைப் படலம் வைத்திருக்கிறது. அதை உண்டாக்கச் சொல்லும் வேதிப்பொருளையே ஆஸ்பிரின் நிறுத்திவிடும். மாத்திரை வயிற்றில் கரைவதால் மட்டும் வருகிற வினை இல்லை இது. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, திரும்ப இரைப்பைக்கு வந்தும் அதே வேலையைச் செய்யும். அதனால்தான் கோட்டிங் பெரிய காப்பு இல்லை. ரயில்வே ஐயாவுக்குப் புண் வராதது அவர் அதிர்ஷ்டம்.

டிகாக்ரெலார் தானாகப் புண் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. இருக்கிற புண்ணிலிருந்து ரத்தம் நிற்கவிடாது. ஆக உங்கள் அப்பாவின் வயிற்றில் ஓட்டை போட்டதில் ஆஸ்பிரினுக்குப் பங்கு உண்டு, ஒழுகவிட்டதில் இரண்டுக்கும் பங்கு உண்டு.

ஸ்டென்ட் பக்கம் வந்தால் கணக்கு நேர்மாறு. டிகாக்ரெலார் தட்டணுவின் ஒரு பெரிய வழியை நன்றாக அடைத்துவிடுகிறது. அது வேலை செய்யும்போது ஆஸ்பிரின் கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான். ஆஸ்பிரினை எடுத்தால் காப்பில் சிறிது போகும், கசிவில் நிறையப் போகும். டிகாக்ரெலாரை எடுத்தால் ஐந்தே மாதமான, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய ஸ்டென்ட்டுகளை ஆஸ்பிரின் தனியாகக் காக்க வேண்டும். அதை நான் துணியமாட்டேன்.

இதைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த ட்வைலைட் ஆய்வில் 7,119 பேர், இந்தியர்களும் இருந்தார்கள். மூன்று மாதம் இரண்டு மாத்திரையும் சாப்பிட்டவர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆஸ்பிரினுக்குப் பதில் வெற்று மாத்திரை. அடுத்த ஒரு வருஷத்தில் கவனிக்கத்தக்க ரத்தக்கசிவு இரண்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7.1, டிகாக்ரெலார் மட்டும் சாப்பிட்டவர்களில் 4. மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்த்து இரு பக்கமும் 3.9.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்தில் பெரிய கசிவோ மாரடைப்போ வந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. இசிஜியிலேயே முழு அடைப்பு தெரிந்து வந்தவர்களையும் சேர்க்கவில்லை. உங்கள் அப்பா இரண்டாவது வகை இல்லை, ஆனால் கசிந்துகொண்டு வந்தவர். ஆய்வு அப்படியே அவருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் அதிலிருந்து ஒரு அடி தள்ளி யோசித்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இன்னொன்று கேட்க வேண்டும்: அப்பா மூட்டுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா?

---

கரிசல்மண் | செவ்வாய், மாலை 6:45

அம்மாவிடம் கேட்டேன். முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி, மூன்று வாரமாகத் தினம் ஒன்றாம். "வலி மாத்திரைதானே, அதை எதுக்கு டாக்டர்ட்ட சொல்லணும்" என்கிறார்.

---

எட்டாம்_வார்டு | செவ்வாய், இரவு 7:10

அப்படியென்றால் கதை முழுசாகிவிட்டது. டைக்ளோஃபெனாக்கும் ஆஸ்பிரினும் இரைப்பையில் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. 12.1-இலிருந்து 8.9-க்கு இறங்கியதில் அந்த மூன்று வாரத்துக்குப் பங்கு இருந்திருக்கும். வலிக்கு இனி பாராசிட்டமால், அல்லது மேலே தடவும் மருந்து. இதை அவருடைய இதய டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பிரினை நிறுத்தும் முடிவை எடுத்தபோது அவருக்கு இது தெரிந்திருக்காது.

---

சும்மாகேக்கேன் | செவ்வாய், இரவு 9:02

இடையில ஒரு கேள்வி, கோவிக்காதீங்க. எங்க மாமாவுக்கு ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம் ஆகுது. கடவாப்பல்லு பிடுங்கணும். பல் டாக்டர் அஞ்சு நாளைக்கு ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டு வாங்கன்னு சொல்லுதார். நிறுத்தலாமா?

---

எட்டாம்_வார்டு | செவ்வாய், இரவு 9:20

நிறுத்தாதீங்க தம்பி. ஒற்றைப் பல் பிடுங்கிய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ரெண்டு மாசத்து ஸ்டென்ட் அடைத்தால் அப்படி அழுத்திப் பிடிக்க இடம் கிடையாது. பல் டாக்டரையும் ஸ்டென்ட் வைத்தவரையும் போனில் பேசவிடுங்கள்.

---

தராசுத்தட்டு | புதன், காலை 10:30

மருத்துவமனை மருந்தகத்தில் இருபது வருஷம். டாக்டர் சொன்னதில் பெரும்பாலானது சரி. ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் அவசரம் ஒன்று: கரிசல்மண், பைலோரி கிருமிக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள்? அட்டையைப் பார்த்துப் பெயர்களைப் போடுங்கள்.

---

கரிசல்மண் | புதன், காலை 11:15

ஒரே பாக்கெட்டில் காலை, இரவு என்று பிரித்து வைத்த கிட். பேன்டோப்ரசோல், அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். 14 நாள். இன்று இரவு ஆரம்பிக்க வேண்டும்.

---

தராசுத்தட்டு | புதன், காலை 11:25

ஆரம்பிக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இப்போதே போன் போட்டு, "அப்பா டிகாக்ரெலார் சாப்பிடுகிறார், இதில் கிளாரித்ரோமைசின் இருக்கிறது" என்று இந்த இரண்டு பெயர்களை மட்டும் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிடும்.

காரணம்: டிகாக்ரெலாரை உடைத்து வெளியேற்றும் ஈரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடும். தினம் சாப்பிடும் அதே 90 மில்லிகிராம் உடம்பில் தேங்கித் தேங்கி, பல மடங்கு சாப்பிட்டது போல ஆகும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று டிகாக்ரெலாரோடு வரும் தாளிலேயே இருக்கிறது. புண்ணை ஆற்றக் கொடுத்த மருந்தாலேயே புண் மறுபடி ஒழுகும். கொழுப்புக்கு அட்டார்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார் என்றால் அதுவும் இதே வழியில் ஏறும், தசைவலி வரும்.

இது யாருடைய தப்பு என்று தேடினால் சண்டைதான் மிஞ்சும். வயிற்று டாக்டர் வயிற்றைப் பார்த்தார், கிட் கைக்கு வசதியாக இருந்தது. பழைய சீட்டு அவர் மேஜைக்குப் போகவில்லை.

கிளாரித்ரோமைசின் இல்லாத முறை இருக்கிறது: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே பேன்டோப்ரசோல். அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கிருமியை ஒழிக்காமல் விட்டுவிடாதீர்கள். அது இருக்கும்வரை புண் திரும்பி வரும்.

---

எட்டாம்_வார்டு | புதன், மதியம் 1:00

நான் இதைக் கேட்டிருக்க வேண்டும், தவறவிட்டேன். நன்றி சார்.

ஒரு எச்சரிக்கை: பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும். ரத்தம் ஏற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள், அதுவும் கறுப்பாக்கும். இனி நிறத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கசிவு என்றால் தார் போல ஒட்டும், ஒரு விதமான கெட்ட நாற்றம் இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. இரும்பால் வருவது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஹீமோகுளோபின் பாருங்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூறைத் தாண்டுவது, வேர்த்துக் கொட்டுவது என்றால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூச்சு வாங்குவதற்கும் இரண்டு காரணம் இருக்கலாம். ரத்தம் குறைந்தாலும் வாங்கும், டிகாக்ரெலாரே சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் வாங்கினால் அதைச் சொல்ல வேண்டும். அவராக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

---

தராசுத்தட்டு | புதன், மாலை 4:40

இப்போது என் வேறு கருத்து. 71 வயது, ஹீமோகுளோபின் 8.9, சிறுநீரகமும் முழு பலத்தில் இருக்காது என்று ஊகிக்கிறேன். இவருக்கு டிகாக்ரெலார் தனியாகவே அதிகம் இல்லையா? ஆஸ்பிரினை நிறுத்தியதோடு, இதையும் க்ளோபிடோக்ரெலாக இறக்கியிருக்கலாம். வீரியம் குறைவு, கசிவும் குறைவு.

---

எட்டாம்_வார்டு | புதன், இரவு 8:15

யோசிக்க வேண்டிய கேள்விதான். ஒரு வருஷம் ஆகியிருந்தால் நானும் அப்படியே சொல்வேன். ஐந்து மாதத்தில் தயங்குகிறேன். க்ளோபிடோக்ரெல் வயிற்றுக்குள் போகும்போது மருந்தாக இல்லை, ஈரல் அதை மாற்றினால்தான் மருந்து. அந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யாத மரபணு நம் ஊர் மக்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆஸ்பிரினும் கூட இருந்தால் கொஞ்சம் தாங்கும். தனியாக விட்டால், அவருக்கு அது வேலை செய்கிறதா என்பதே தெரியாமல் இருப்போம். ஜப்பானில் மாரடைப்புக்காரர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்திலேயே ஆஸ்பிரினை நிறுத்தி க்ளோபிடோக்ரெல் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, மாரடைப்பு கூடியது.

உங்கள் அப்பா விஷயத்தில் சிக்கலே இதுதான் கரிசல்மண். வயது, சர்க்கரை, சிறுநீரகம் மூன்றும் உறைவதற்கும் காரணம், கசிவதற்கும் காரணம். தராசில் ஒரு தட்டு மட்டும் இறங்கினால் முடிவு சுலபம். இவருக்கு இரண்டு தட்டும் ஒரே கல்லால் இறங்குகிறது.

---

தராசுத்தட்டு | புதன், இரவு 9:00

அந்த ஆய்வு ஒன்றிரண்டு மாதத்தில், இவருக்கு ஐந்து. கோடு அதற்குள் எவ்வளவோ இறங்கியிருக்கும். மரபணு சோதனையும் இப்போது கிடைக்கிறது. நான் என் பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனால் முடிவு ஸ்டென்ட் வைத்தவருடையது, படத்தைப் பார்த்தவர் அவர்தான்.

வேறு ஒன்று, எல்லோருக்கும். கடையில் க்ளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகிறது, கொழுப்பு மருந்தும் சேர்ந்த கேப்சூலும் வருகிறது. ரயில்வே ஐயா, நீங்கள் சாப்பிடுவது எது?

---

ரிட்டையர்டு_ரயில்வே | வியாழன், காலை 7:30

அட்டையை இப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். க்ளோபிடோக்ரெல் 75, ஆஸ்பிரின் 75 என்று இருக்கிறது. நான் இதை வெறும் ஆஸ்பிரின் என்றே நினைத்திருந்தேன். 365 நாள் முடிந்ததும் ஒன்றை நிறுத்திவிடலாம் என்றேனே, எனக்கு அது நிற்கவே இல்லை போலிருக்கிறது. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

---

எட்டாம்_வார்டு | வியாழன், காலை 9:10

பதறாதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது அட்டையையே கையில் கொடுங்கள். நீட்டிச் சாப்பிடுவதிலும் ஒரு லாபம் உண்டு. 2014-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 12 மாதத்தோடு நிறுத்தியவர்களுக்கு ஸ்டென்ட் அடைப்பு நூற்றுக்கு 1.4, 30 மாதம் தொடர்ந்தவர்களுக்கு 0.4. பெரிய கசிவு 1.6-இலிருந்து 2.5 ஆனது. அதிலும் முதல் வருஷம் கசியாமல் தாண்டியவர்களை மட்டுமே சேர்த்தார்கள். உங்கள் வயதில் ஹீமோகுளோபினும் கிரியேட்டினினும் பார்த்துத்தான் முடிவு.

---

கரிசல்மண் | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு

தாமதத்துக்கு மன்னிக்கவும். அன்றே வயிற்று டாக்டருக்குப் போன் போட்டேன். இரண்டு பெயரைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசவில்லை, பிறகு பிஸ்மத் முறைக்கு மாற்றிக் கொடுத்தார். 14 நாளும் கறுப்பாகத்தான் போனது, அம்மா தினமும் பயந்தார். இப்போது நிறம் சரியாகிவிட்டது. ஹீமோகுளோபின் 10.8. மூச்சு வாங்கல் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. கிருமி போய்விட்டதா என்று இன்னொரு சோதனை பாக்கி.

டைக்ளோஃபெனாக் விஷயத்தை இதய டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பிரினைத் திரும்பச் சேர்க்கப் போவதில்லை என்றார். டிகாக்ரெலார் ஒரு வருஷம் முடியும்வரை. அதற்குப் பிறகு ஒரே ஒரு மாத்திரை, அது ஆஸ்பிரினா க்ளோபிடோக்ரெலா என்று அப்போது பார்க்கலாமாம்.

---

தராசுத்தட்டு | ஞாயிறு, மாலை 5:20

க்ளோபிடோக்ரெல் என்பேன். கொரியாவில் ஹோஸ்ட்-எக்ஸாம் என்று 5,000 பேருக்கு மேல் ஒப்பிட்டார்கள், இரண்டு மாத்திரைக் காலம் நல்லபடி முடிந்தவர்களுக்கு ஆஸ்பிரினைவிட அது மேல் என்று வந்தது, அடைப்பிலும் கசிவிலும்.

---

எட்டாம்_வார்டு | ஞாயிறு, இரவு 10:05

அது கொரியாவில் மட்டும் நடந்தது சார். ஆனால் புண் வந்த வயிறு, அதனால் இந்த முறை உங்களோடு சண்டை போடவில்லை. கரிசல்மண், அப்பாவுக்கு ஒரு வருஷம் ஆகும்போது இங்கே வந்து எழுதுங்கள். மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும்.

---

சும்மாகேக்கேன் | ஞாயிறு, இரவு 10:40

மாமாவுக்குப் பல்லு பிடுங்கியாச்சு. மாத்திரையை நிறுத்தல. ரெண்டு தையல், ராத்திரி வரைக்கும் லேசா கசிஞ்சுது, காலைல நின்னுட்டு.